பத்து நிமிடமே உயிருள்ள சாவி

தேர்வு முடிவுகள் வரும் மே மாதத்தில் மொரப்பூர், கம்பைநல்லூர், அரூர் வட்டாரத்து பிரவுசிங் சென்டர்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும். “அண்ணா, லிங்க் எக்ஸ்பயர் ஆயிடுச்சுன்னு வருதுங்க.” கல்லூரி விண்ணப்பம், உதவித்தொகை, வேலைவாய்ப்புப் பதிவு என்று எதற்காக வந்திருந்தாலும், பாஸ்வேர்டு மறந்துபோனவர்கள் வந்து நிற்கும் இடம் இதுதான். “சைட்டு சரியில்லம்மா, நாளைக்கு வா” என்று சில நேரம் பதில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் தவறு. சைட் சரியாகத்தான் இருக்கிறது. செத்துப்போகும்படி செய்யப்பட்ட லிங்க், சொன்ன நேரத்தில் செத்திருக்கிறது. அதை ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தால், அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். விண்ணப்பத்தைப் போன வாரம் சென்டரில் பதிவு செய்தாள். மெயில் மட்டும் அவளுடைய சொந்த ஜிமெயில், அது அவளது போனில் இருக்கிறது. இன்று பாஸ்வேர்டு நினைவில்லை. காலை 10:05-க்கு `Forgot Password` அழுத்துகிறாள். மெயில் வரவில்லை. 10:08-க்கு மறுபடி, 10:11-க்கு இன்னொரு முறை. 10:14-க்கு மூன்று மெயில்களும் ஒன்றாக வந்து சேர்கின்றன. மூன்றுக்கும் ஒரே தலைப்பு என்பதால் ஜிமெயில் அவற்றை ஒரே உரையாடலாகக் கோத்து, பழையதை மேலேயும் புதியதைக் கீழேயும் வைத்திருக்கிறது. அவள் கண்ணில் முதலில் படுகிற லிங்க்கைத் தொடுகிறாள். `This password reset link is invalid` என்று வருகிறது. இரண்டாவதைத் தொடுகிறாள். அதே பதில். மூன்றாவதைத் தொடாமலேயே, சைட் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து போனை வைத்துவிடுகிறாள்.

அவளுக்கு வேண்டியது அந்த மூன்றாவதுதான். பல சைட்களில், புது லிங்க் கேட்ட அந்தக் கணமே முன்பு அனுப்பியது ரத்தாகிவிடும். மூன்று முறை கேட்டால் மூன்று லிங்க் கையில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் உயிரோடு இருப்பது கடைசி ஒன்றுதான். பொறுமையிழந்து மறுபடி மறுபடி அழுத்தும்போது, வந்துகொண்டிருக்கும் சாவியை நாமே உடைக்கிறோம்.

சாவி என்று சும்மா சொல்லவில்லை. நீங்கள் அந்த பட்டனை அழுத்தியதும் சர்வர் யாராலும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எழுத்துக்கோவையை உருவாக்குகிறது. அதை லிங்க்கின் வாலில் ஒட்டி உங்கள் மெயிலுக்கு அனுப்புகிறது. ஒழுங்காகக் கட்டப்பட்ட சைட் என்றால் அந்தக் கோவையைத் தன்னிடம் அப்படியே வைத்துக்கொள்ளாது. அதிலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்கத்தையும், எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்பதையும் மட்டும் குறித்துவைக்கும். பிறகு யார் அந்தக் கோவையோடு வந்தாலும் அவரே கணக்கின் உரிமையாளர் என்று நம்பிப் புது பாஸ்வேர்டு வைக்க விடும். பழைய பாஸ்வேர்டைக் கேட்காது, முகம் பார்க்காது, போன் எண்ணைச் சரிபார்க்காது. அந்தச் சில நிமிடங்களுக்கு லிங்க்தான் கணக்கு.

அந்தச் சில நிமிடங்கள் எத்தனை என்பது சைட்டுக்கு சைட் மாறும். சைட் கட்டுபவர்கள் பயன்படுத்தும் மென்பொருளிலேயே ஒரு கெடு முன்கூட்டி வைக்கப்பட்டிருக்கும். லாரவெல்லில் அது 60 நிமிடம், வேர்ட்பிரஸில் ஒரு நாள், ஜாங்கோவில் மூன்று நாள். சைட் நடத்துபவர் விரும்பினால் குறைக்கலாம், கூட்டலாம். அதனால் ஒரு சைட்டில் நேற்றைய லிங்க் வேலை செய்தது என்பதை வைத்து இன்னொன்றிலும் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. மெயிலிலேயே கெடு எழுதியிருந்தால் அது ஒன்றுதான் கணக்கு.

முத்தையா கண்டுபிடித்த ஓட்டை

பத்து நிமிடம், ஒரு மணி நேரம் என்று இவ்வளவு கஞ்சத்தனம் எதற்கு? இதற்கு நான் அறிந்ததில் தெளிவான விளக்கம் ஒரு தமிழரின் வேலையில் இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் லக்ஷ்மண் முத்தையா, 2019 ஜூலையில் இன்ஸ்டாகிராமில் தான் கண்ட ஓட்டை ஒன்றை விவரித்து எழுதினார். பாஸ்வேர்டை மறந்தவரின் போனுக்கு இன்ஸ்டாகிராம் ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பும். அதற்கு ஆயுள் பத்து நிமிடம்.

ஆறு இலக்கம் என்றால் மொத்தம் பத்து லட்சம் சாத்தியங்கள். ஒருவர் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் ஏதோ ஒன்று பொருந்தித்தான் ஆக வேண்டும். அப்படிப் போட்டுப் பார்க்க விடாமல் இன்ஸ்டாகிராம் ஒரு தடையும் வைத்திருந்தது. முத்தையா ஒரே நேரத்தில் சுமார் ஆயிரம் ஊகங்களை அனுப்பிப் பார்த்தார். ஏறக்குறைய 250 உள்ளே போயின, மீதி தடுக்கப்பட்டன. தடை இருக்கிறது, ஆனால் அது ஒரு இணைய முகவரியிலிருந்து வரும் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கிறது என்பதை அவர் கவனித்தார். முகவரியை மாற்றிக்கொண்டே, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பினால் தடை விழித்துக்கொள்வதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆயிரம் கணினிகளிலிருந்து கணினிக்கு 200 வீதம் இரண்டு லட்சம் ஊகங்களை அனுப்பி அதைச் செய்தும் காட்டினார். பத்து லட்சத்தையும் தீர்க்க 5,000 முகவரிகள் வேண்டும். வாடகைக் கணினிகளை வைத்துச் செய்தால் 150 டாலர் அளவுக்குத்தான் செலவாகும் என்பது அவர் போட்ட கணக்கு. ஃபேஸ்புக் ஓட்டையை அடைத்து அவருக்கு 30,000 டாலர் பரிசு கொடுத்தது. 2021-ல் மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் ஏழு இலக்கக் குறியீட்டிலும் இதே வகை ஓட்டையைக் காட்டி 50,000 டாலர் பெற்றார்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த 5,000 முகவரிகளைப் பற்றித்தான். அத்தனை கணினிகள் ஏன் தேவைப்பட்டன? பத்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது. அந்தக் குறியீட்டுக்குக் கெடுவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லேப்டாப், நாளுக்குக் கொஞ்சம் ஊகம், மாதக்கணக்கில் பொறுமை, இவ்வளவு போதும். கெடு இருந்ததால்தான் தாக்குபவர் ஒரு படையைத் திரட்ட வேண்டியதாயிற்று. படை திரட்டுவது மலிவாகிவிட்ட காலத்தில் கெடு மட்டும் போதாது என்பதையும் முத்தையா காட்டினார். எங்கிருந்து வந்தாலும் ஒரு கணக்குக்கு இத்தனை ஊகம்தான் என்று எண்ணி நிறுத்தியாக வேண்டும்.

மெயிலில் வரும் நீண்ட லிங்க்கின் கதை வேறு. அதிலுள்ள எழுத்துக்கோவையை ஐயாயிரம் கணினி வைத்தாலும் ஊகிக்க முடியாது, சாத்தியங்களின் எண்ணிக்கையை எழுதினால் முப்பது இலக்கத்துக்கு மேல் நீளும். அப்படியும் கெடு வைப்பது, அது கண்ட இடத்தில் கிடக்கும் என்பதற்காக. பொதுக் கணினியில் திறந்த லிங்க் பிரவுசரின் ஹிஸ்டரியில் உட்கார்ந்திருக்கும். அடுத்து அந்த நாற்காலியில் உட்காருபவர் `Ctrl+H` அழுத்தினால் தெரியும். ஜிமெயிலை மூடாமல் எழுந்து போனவரின் மெயில் பெட்டியில் அது திறந்தே இருக்கும். விற்ற போனில் இருக்கும். விண்ணப்பத்தில் தன் மெயிலுக்குப் பதிலாக சென்டரின் மெயிலைக் கொடுத்தவருக்கு அது சென்டர்காரரின் பெட்டியில் இருக்கும். நம்மூரில் இவை எல்லாமே தினசரி நடப்பவை. ஒருமுறை பயன்படுத்தியதும் சாகும்படியும், பயன்படுத்தாவிட்டாலும் குறித்த நேரத்தில் சாகும்படியும் செய்திருப்பது இந்த இடத்தில்தான் நம்மைக் காப்பாற்றுகிறது. மூன்று முறை கேட்டு, கோபத்தில் எதையும் பயன்படுத்தாமல் எழுந்து போன அந்த மாணவியின் கடைசி லிங்க், கெடு இல்லாதிருந்தால் அடுத்த வருடமும் அவள் கணக்கைத் திறக்கும்.

கை படாமலே சாகும் லிங்க்

கெடுவுக்குள் வந்தும், முதல் முறை தொட்டும், செத்துக் கிடக்கும் லிங்க்குகளும் உண்டு. மக்களை அதிகம் குழப்புவது இவைதான்.

ஒருமுறை திறந்ததுமே கருகிவிடும்படி சில சைட்கள் லிங்க்கை அமைத்திருக்கின்றன. அங்கே திறப்பவர் மனிதராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அலுவலக, கல்லூரி மெயில்களில் வைரஸ் பார்க்கும் மென்பொருள், மெயில் உங்களிடம் வருமுன் உள்ளே இருக்கும் லிங்க்கைத் தானே திறந்து சோதிப்பதுண்டு. வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க்கை ஒட்டினால், அனுப்பும் முன்பே கீழே படமும் தலைப்புமாக ஒரு முன்னோட்டம் வருகிறதே, அது உங்கள் போன் அந்தப் பக்கத்தைத் திறந்து எடுத்துவந்ததுதான். “லிங்க்கை எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும்மா, நான் இங்க திறக்கறேன்” என்று சென்டர்காரர் சொல்ல, மாணவி ஒட்டிய நொடியிலேயே லிங்க் செலவாகிவிட்டிருக்கலாம். நல்ல சைட்கள் இதை எதிர்பார்த்து, லிங்க்கைத் திறந்தால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, புது பாஸ்வேர்டை எழுதி பட்டனை அழுத்தினால்தான் கணக்கில் கழிக்கும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை.

இன்னொன்று உண்டு. ஜாங்கோவில் கட்டிய சைட்களில் அந்த எழுத்துக்கோவை உங்கள் பழைய பாஸ்வேர்டின் சுருக்கத்தையும், நீங்கள் கடைசியாக உள்ளே நுழைந்த நேரத்தையும் சேர்த்துப் பிசைந்து செய்யப்படுகிறது. லிங்க் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது பழைய பாஸ்வேர்டு சட்டென்று நினைவுக்கு வந்து உள்ளே போய்விட்டீர்கள் என்றால், நுழைந்த நேரம் மாறிவிடும், லிங்க்கும் அப்போதே பொருந்தாமல் போகும். இது நியாயமான ஏற்பாடு. உரிமையாளர் உள்ளே வந்துவிட்டார் என்றால் வெளியே சுற்றும் சாவி எதற்கு?

இத்தனை காரணங்கள் இருக்க, திரையில் வருவது `Invalid link` என்ற இரண்டே சொல். சைட் நடத்துபவர்கள் மீது எனக்குள்ள முதல் குறை இதுதான். கெடு முடிந்தது, ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது, இதைவிடப் புதிய லிங்க் அனுப்பப்பட்டுள்ளது என்று மூன்றையும் பிரித்துச் சொல்வதில் பாதுகாப்புக்கு ஒரு குறைவும் வராது. அதே பக்கத்தில் புது லிங்க் கேட்கும் பட்டனையும் வைத்துவிட்டால், முப்பது ரூபாய் பேருந்துக் காசு கொடுத்து வந்த பெண் திரும்பிப் போக மாட்டாள்.

டவுன்லோடு லிங்க் தன் கெடுவைத் தானே சொல்லும்

சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஹால் டிக்கெட் போன்றவற்றை எடுக்கத் தரும் தற்காலிக டவுன்லோடு லிங்க் வேறு விதமாக இயங்குகிறது. இங்கே சர்வர் எதையும் குறித்துவைப்பதில்லை. கெடு லிங்க்கிலேயே எழுதப்பட்டு, அதன் மீது ரகசியச் சாவியால் கணக்கிட்ட ஒரு கையொப்பம் போடப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் கோப்புகளை வைத்திருக்கும் அமேசானின் எஸ்3 சேமிப்பகத்திலிருந்து வரும் லிங்க் ஒன்றைச் சுருக்கிக் காட்டினால் இப்படி இருக்கும்:

```
https://example.com/marks.pdf
  ?X-Amz-Date=20250512T041500Z
  &X-Amz-Expires=900
  &X-Amz-Signature=7c1e...
```

பொறுமையாகப் பார்த்தால் யாரும் படித்துவிடலாம். முதல் வரியில் கோப்பின் பெயர். அடுத்தது லிங்க் உருவான நேரம்: 2025 மே 12, 04:15. கடைசியில் உள்ள `Z` அது உலகப் பொது நேரம் என்பதைக் குறிக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரப்படி காலை 9:45. அடுத்து ஆயுள், விநாடிக் கணக்கில்: 900, அதாவது 15 நிமிடம். ஆக இந்த லிங்க் காலை 10 மணிக்குச் செத்துவிடும். 10:32-க்கு ஒருவர் திறந்தால் வருவது இது:

```
<Code>AccessDenied</Code>
<Message>Request has expired</Message>
<Expires>2025-05-12T04:30:00Z</Expires>
<ServerTime>2025-05-12T05:02:11Z</ServerTime>
```

எப்போது செத்தது, இப்போது மணி என்ன என்று இரண்டையும் அது சொல்லிவிடுகிறது. அந்த 900-ஐ 9000 ஆக்கிவிட்டால் என்ன என்று கெட்டிக்கார மாணவர்களுக்குத் தோன்றும். ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது, `SignatureDoesNotMatch` என்று வரும். நீங்கள் எதையும் மாற்றாமலே இதே செய்தி வந்தால், லிங்க் பாதியில் வெட்டுப்பட்டிருக்கலாம். நீளமான லிங்க்கை விரலால் இழுத்துத் தேர்ந்தெடுத்து காப்பி செய்யும்போது வால் விட்டுப்போவது சகஜம். லிங்க்கின் மேல் அழுத்திப் பிடித்து, வருகிற பட்டியலில் காப்பி செய்தால் முழுதாக வரும். `NoSuchKey` என்று வந்தால் கோப்பே அங்கே இல்லை, அதற்குப் புது லிங்க் வாங்கியும் பயனில்லை.

இந்த வகை லிங்க்குக்கு அதிகபட்ச ஆயுள் ஏழு நாள். தற்காலிக அனுமதியை வைத்து உருவாக்கப்பட்டிருந்தால், அந்த அனுமதி முடியும்போது ஏழு நாளுக்கு முன்பே செத்துவிடும். திரையில் `ExpiredToken` என்று வந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். எஸ்3 கெடுவைப் பார்ப்பது டவுன்லோடு தொடங்கும்போது மட்டும்தான். 9:59-க்குத் தொடங்கிய பெரிய கோப்பு 10:20 வரை இறங்கினாலும் முழுதாக வந்துவிடும். நடுவில் இணைப்பு அறுந்து மறுபடி தொடங்கினால் அது புதுக் கோரிக்கையாகக் கருதப்பட்டு மறுக்கப்படும். 60 சதவீதத்தில் நின்றுபோய் `Resume` அழுத்தியதும் பிழை காட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம். பெரிய கோப்பு என்றால், லிங்க் வந்த இடத்தில் உடனே அழுத்திவிடாமல், நல்ல இணைப்பு உள்ள இடத்துக்குப் போய் அங்கிருந்தே லிங்க்கைக் கேட்டு வாங்குவது நல்லது. கூகுள் டேக்அவுட் தயாரித்துத் தரும் பெரிய கோப்புகளுக்கு ஏறக்குறைய ஒரு வாரக் கெடுவோடு, ஒரு கோப்பை ஐந்து முறைதான் இறக்கலாம் என்ற வரம்பும் உண்டு. அறுந்து அறுந்து முயன்றால் அந்த ஐந்தும் கரைந்துவிடும்.

செத்த டவுன்லோடு லிங்க்கை நண்பரிடமிருந்தோ வாட்ஸ்அப் குழுவிலிருந்தோ திரும்ப வாங்கிப் பயனில்லை, அதே கெடுதான் அதிலும் எழுதியிருக்கும். லிங்க்கை உருவாக்கிய பக்கத்துக்குப் போய், உள்ளே நுழைந்து, டவுன்லோடு பட்டனை மறுபடி அழுத்த வேண்டும். ஒவ்வொரு அழுத்தலிலும் புதுக் கையொப்பத்தோடு புது லிங்க் பிறக்கும். கோப்பு போகவில்லை, போனது வழி மட்டும்தான். சான்றிதழை அந்த லிங்க்கில் மட்டும் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து எடுக்க ஒரு பக்கம் வைக்காத நிறுவனங்கள் செய்வது தவறு என்பதே என் கருத்து. 2015-ல் தொடங்கிய டிஜிலாக்கர் இந்த இடத்தில் நல்ல முன்மாதிரி. மாணவரின் கணக்கில் மதிப்பெண் பட்டியல் நிலையாக இருக்கிறது, வேண்டும்போது எடுக்கலாம். அதில் வழங்கப்படும் ஆவணத்துக்கு மூல ஆவணத்துக்கு நிகரான மதிப்பை 2017-ல் திருத்தப்பட்ட விதி தருகிறது.

பட்டனை மறுபடி அழுத்தும் முன்

பாஸ்வேர்டு லிங்க் வேலை செய்யவில்லை என்றால் முதலில் மெயிலில் மிகக் கடைசியாக வந்ததைத் தேடுங்கள். ஜிமெயில் உரையாடலில் அது அடியில், சில நேரம் மூன்று புள்ளிகளுக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். அதுவும் செத்திருந்தால் பழையவற்றை எல்லாம் அழித்துவிட்டு ஒரே ஒரு முறை புதிதாகக் கேளுங்கள். கேட்டபின் ஸ்பேம் பெட்டியையும் பார்த்தபடி கால் மணி நேரமாவது பட்டனைத் தொடாதீர்கள். லாரவெல் போன்றவை ஒரு நிமிடத்துக்குள் மறுபடி கேட்டால் மெயில் அனுப்பாமலே விட்டுவிடும். வந்ததும் எந்த பிரவுசரில் கேட்டீர்களோ அதிலேயே திறப்பது பாதுகாப்பு. சில சைட்கள் கேட்ட பிரவுசரையும் சேர்த்துச் சோதிக்கின்றன, போனில் ஜிமெயிலுக்குள்ளேயே திறக்கும் பக்கம் அவற்றுக்கு வேறு பிரவுசராகத் தெரியும். சென்டர் கணினியில் செய்வதானால் மறைநிலைச் சன்னலிலேயே லிங்க்கைக் கேட்டு, அதிலேயே ஜிமெயிலையும் திறந்து, முடித்ததும் சன்னலையே மூடிவிடுங்கள். மெயிலே வரவில்லை என்றால் நீங்கள் பதிவு செய்தது வேறு மெயிலாக இருக்கலாம். அந்த மெயிலில் கணக்கு இல்லாவிட்டாலும் பல சைட்கள் “லிங்க் அனுப்பியுள்ளோம்” என்றே சொல்லும். யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று அந்நியர் கண்டுபிடிக்காமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு.

அந்த மெயில் பெட்டியே இப்போது இல்லாமலும் போயிருக்கலாம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை நீக்குவது என்று கூகுள் 2023-ல் முடிவெடுத்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியது. பிளஸ் டூ முடித்தபோது விண்ணப்பத்துக்காக மட்டும் திறந்த மெயிலை, பட்டம் முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் வரை திரும்பிப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். போன் எண்ணும் அப்படித்தான். துண்டிக்கப்பட்ட எண், 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். அதன்பின் உங்கள் ஓடிபி அவருக்குத்தான் போகும். விண்ணப்பம் எதுவும் இல்லாத மாதத்திலும் மெயிலை ஒருமுறை திறந்துவையுங்கள். எண்ணை மாற்றினால் அன்றே எல்லாக் கணக்குகளிலும் மாற்றுங்கள்.

உதவி எண்ணைக் கூகுளில் தேடி, முதலில் வருவதை அழைக்காதீர்கள். “லிங்க் எக்ஸ்பயர் ஆயிடுச்சா? நான் சரிபண்றேன், ஓடிபி வரும், சொல்லுங்க” என்பது மோசடிக்காரர்களின் வழக்கமான பேச்சு. சொல்லிவிட்டீர்கள் என்றால் தயங்காமல் 1930-ஐ அழைத்துப் புகார் செய்யுங்கள். உண்மையான உதவி, அந்த சைட்டின் தொடர்புப் பக்கத்தில் உள்ள மெயிலுக்கு எழுதினால் கிடைக்கும். பதிவு எண், பதிவு செய்த மெயில், லிங்க் கேட்ட நேரம், அழுத்திய நேரம், திரையில் வந்த பிழைச் செய்தியின் வாசகம், இவ்வளவும் எழுதினால் அவர்களால் பதிவேட்டில் தேடிப் பார்க்க முடியும். அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் முகவரிப் பட்டையில் லிங்க் முழுதாகத் தெரிந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அனுப்புங்கள், அது இன்னும் உயிரோடு இருக்கலாம்.